எதேச்சை மாறிலி

எங்கள் வீட்டில் மாலைச் செபத்துக்கு முன்னால் இன்னொரு செபம் நடந்த காலம் ஒன்று இருந்தது. என் மகள் அதற்கு வைத்த பெயர் அது. எனக்கு அந்தப் பகிடி பிடிக்காது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பிழையில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கொடுப்பது என் வேலை. கொட்டாஞ்சேனையில் கோயிலுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்திருந்தாள். முதல் தடவை இணைந்த கணிதம் சித்தியடையவில்லை. அவளுடைய மாஸ்ரர் வகுப்பில் ஆங்கிலச் சொற்களாகவே கதைப்பாராம். பரீட்சைத் தாளோ முழுக்கத் தமிழ். மண்டபத்தில் பயத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய்விட்டது என்று அழுதாள். அதனால் இரண்டாம் தடவைக்கு ஒரு ஏற்பாடு செய்தாள். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி என் கையில் தந்தாள். நான் கேட்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும்.

"கோஎஃபிஷன்ற்?"

"குணகம்."

"பொலினோமியல்?"

"பல்லுறுப்பி."

"டெரிவேற்றிவ்?"

"பெறுதி."

"இன்ரக்ரல்?"

"தொகையீடு."

நான் முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கேட்பேன். அவள் உள்ளறையில் நடந்துகொண்டே பதில் சொல்வாள். நான் ஒரு புனிதரின் பெயரைச் சொல்ல, உள்ளே இருந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் வருவதுபோல இருக்கும். என் மனைவி அடுப்படியிலிருந்து, "மாதாவே, இந்த மனுசனுக்கு வாய்ப்பாடே ஒழுங்கா வராது, இப்ப கணக்கு மாஸ்ரராம்" என்பாள்.

அந்த உள்ளறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் முன்பு ஒரு பிள்ளை வாடகைக்கு இருந்தாள். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. வெள்ளவத்தையில் பெயர்போன ஒரு கணித வகுப்புக்காக வந்தவள். தினமும் பஸ் ஏறிப் போய் வருவாள். என் மகள் படித்தது கொட்டாஞ்சேனையிலேயே வேறு மாஸ்ரரிடம். ஆனாலும் இரண்டு பேரும் பின்னேரங்களில் சேர்ந்து கணக்குச் செய்வார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு குறை. தொகையீட்டுக் கணக்கு எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் போட வேண்டிய C என்ற எழுத்தை மட்டும் மறந்துவிடுவாள். என் மகள், "உம்மட C எங்க? பஸ்ஸில விட்டிட்டு வந்தீரோ?" என்று பகிடி பண்ணுவாள். அந்தப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள்.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒருமுறை ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்துத் தேடினார்கள். வந்தவர்களில் ஒருவன் அவளுடைய கொப்பியைப் புரட்டினான். வளைகோடுகளும் அம்புக்குறிகளும் தமிழ்ச் சொற்களுமாக இருந்தது. "மே மொகத?" என்று சிங்களத்தில் கேட்டான், இது என்ன என்று. "மெத்ஸ், சேர்" என்றாள் பிள்ளை. அவன் நம்பவில்லை. கொப்பியைக் கொண்டுபோய் ஒரு கிழமை கழித்துத்தான் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பயிற்சிக் கணக்குகளைத் தாளில் செய்யப் பயந்தாள். அறையில் இருந்த பழைய அலுமாரியின் கதவு உட்பக்கம் வெளிர் சாம்பல் பெயின்ற். அதில் பென்சிலால் எழுதிச் செய்துபார்த்துவிட்டு அழிப்பாள். என்னிடம் அனுமதி கேட்டுத்தான் செய்தாள். "அங்கிள், கதவைப் பூட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போனாள். ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தது. அவள் வீட்டுக்கு வரவில்லை. வகுப்பு வாசலில் ஒரு வான் நின்றதாக ஒருவர் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் தெரியாது என்றார்கள். நான் பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். போகக்கூடிய இடமெல்லாம் போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவளுடைய தாய் வந்தார். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த விதவை. மகளின் சூட்கேசையும் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டார். அலுமாரியைத் திறந்தபோதுதான் கதவில் கடைசியாக அழிக்காமல் விட்ட கணக்கைக் கண்டார். ஒரே ஒரு வரி.

∫(3x² − 7)dx = x³ − 7x

அவர் அழவில்லை. சட்டை வெட்டுவதற்குப் படி எடுக்கும் மெல்லிய தாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். அதைக் கதவு முழுவதும் படிய ஒட்டிவைத்து, அந்த வரியையும், அழித்த இடங்களில் எஞ்சிய மங்கல் கீறுகளையும்கூட ஒன்று விடாமல் கீறி எடுத்தார். பிறகு தாளை மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, "அண்ணை, இதை அழிச்சுப்போடாதேங்கோ" என்றார். நாங்கள் அழிக்கவில்லை. அறையை வேறு யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. அடுத்த வருடம் என் மகள்தான் அதில் இருந்து படித்தாள்.

ஒரு நாள் நான் மகளிடம் கேட்டேன்: "அந்தப் பிள்ளை எப்பவும் மறக்கிற C என்ன சாமான்?"

"அதுதான் அப்பா எதேச்சை மாறிலி."

"எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு."

அவள் ஒரு துண்டுத் தாளில் x³ − 7x + 4 என்று எழுதினாள். "இது ஒரு பல்லுறுப்பி. x இன் குணகம் மறை ஏழு. கடைசியில தனியா நிக்கிற நாலு, மாறிலி. இதை வகையிட்டால் 3x² − 7 வரும். அந்த நாலு இருந்த அடையாளமே இருக்காது."

"எங்க போகும்?"

"மாறாத ஒண்டின்ர மாற்றம் பூச்சியம் தானே, அதால இல்லாமல் போகும். இப்ப திருப்பித் தொகையிடுறம். x³ − 7x வரும். ஆனால் முந்தி பக்கத்தில என்ன நிண்டது? நாலோ, நாப்பதோ, ஒண்டுமே இல்லையோ? தெரியாது. தெரியாது எண்டதுக்காக விடக்கூடாது. C எண்டு ஒண்டைப் போட்டு அதுக்கு ஒரு இடம் வைக்க வேணும்."

"பிறகு அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"இன்னொரு தகவல் தந்தால்தான் ஏலும். வளையி எந்தப் புள்ளியாலே போகுது எண்டு. அது தராமல் கடவுளாலேயும் ஏலாது."

"கடவுளாலே ஏலாதது ஒண்டும் இல்லை. வாயைக் கழுவு" என்று ஏசினேன். ஆனால் அந்த விளக்கம் என் மனதை விட்டுப் போகவில்லை. வேலையில் துணி அளக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், அலுமாரிக் கதவில் முடியாமல் நிற்கும் அந்த வரியே நினைவுக்கு வந்தது. எனக்கு அது ஆமென் சொல்லாமல் விட்ட செபம்போலப் பட்டது.

பிறகு அந்த மழைப் பின்னேரம் வந்தது. ஐந்து மணியிருக்கும். நான் வேலையால் வந்து தேநீர் குடித்துவிட்டு, வழக்கம்போல விறாந்தையில் இருந்து தாளை எடுத்தேன். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். உள்ளறையில் நடக்கும் சத்தம் கேட்டது. மகள் இருக்கிறாள் என்று கேட்கத் தொடங்கினேன்.

"கோஎஃபிஷன்ற்?"

"குணகம்."

"ஃபங்ஷன்?"

"சார்பு."

மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில் குரல் சற்று மெல்லியதாகக் கேட்டது. பல்லுறுப்பி, பெறுதி, தொகையீடு என்று எல்லாம் சரியாக வந்தது. நானும் உற்சாகமாகத் தாளின் கடைசிச் சொல்லுக்கு வந்தேன்.

"ஆர்பிட்ரறி கொன்ஸ்டன்ற்?"

பதில் இல்லை. திருப்பிக் கேட்டேன். நடக்கும் சத்தமும் நின்றுவிட்டது.

"என்ன பிள்ளை, இதைத்தானே அண்டைக்கு எனக்கே படிப்பிச்சாய்?"

அப்போது தெருக் கதவு திறந்தது. மகள் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். மழைக்குள் தோழி வீட்டில் மாட்டிக்கொண்டாளாம். "ஆரோட அப்பா கதைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்?" என்றாள்.

அவள் உடை மாற்றப் போன பிறகு நான் உள்ளறைக்குள் போனேன். ஒருவரும் இல்லை. யன்னல் பூட்டியபடி இருந்தது. அலுமாரிக் கதவு மட்டும் திறந்திருந்தது. ஈரக் காலத்தில் அந்தக் கதவு தானாகவே கழன்று திறப்பதுண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். நான் சிலுவை அடையாளம் போட்டேன். எனக்குப் பயத்தைவிட இரக்கம்தான் வந்தது. பாவம் பிள்ளை, இன்னும் மறக்கிறாள் என்று நினைத்தேன். மேசையில் இருந்த மகளின் பென்சிலை எடுத்து, அந்த வரியின் முடிவில், அவளுடைய எழுத்தைப் பார்த்தே மெதுவாக + C என்று எழுதினேன். எழுதி முடித்து, "ஆமென்" என்றும் சொன்னேன். இதை நான் மனைவிக்கும் மகளுக்கும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்துத் தாய் மறுபடி வந்தார். பிள்ளை போய் ஒரு வருடம் தாண்டியிருந்தது. முகம் மெலிந்து போயிருந்தது. உட்கார்ந்ததும், வந்த காரணத்தைச் சொன்னார்.

"சின்னவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்குது, அண்ணை. மாப்பிள்ளை வீட்டார் கேக்கினம், மூத்த பிள்ளைக்கு என்ன எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? செத்திட்டாள் எண்டு சொல்லவும் வாய் வரேல்லை, இருக்கிறாள் எண்டு சொல்லவும் ஆதாரம் இல்லை. சொந்தக்காரர் எல்லாம் சொல்லுகினம், ஒரு பூசை ஒப்புக்குடுத்து முடி எண்டு. அவள் கடைசியாச் செபிச்ச கோயில் இங்கதானே. நாளைக் காலைப் பூசையை இறந்த ஆத்துமத்துக்கு எண்டு இங்க குடுத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

என் மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்லிச் சரிசெய்யக்கூடிய காரியமா அது? மத்தியானம் அவர், "அந்தக் கதவை ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்று அறைக்குள் போனார். நான் வாசலோடு நின்றேன். எனக்கு உள்ளே போக வெட்கமாக இருந்தது. அவர் தான் கீறியெடுத்த தாளை விரித்துக் கதவோடு பொருத்தினார். விரலால் தடவிக்கொண்டே போனார். வரியின் முடிவில் விரல் நின்றது.

"அண்ணை, ஆரும் இதில எழுதினவையோ?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"முந்தி இது இல்லை. என்ர தாளில இல்லை. என்ர பிள்ளை வந்திருக்கிறாள்!"

அவர் தரையில் முழந்தாளிட்டு மாதாவைக் கூப்பிட்ட சத்தம் கேட்டு மனைவியும் ஓடி வந்தாள். நாளைப் பூசை வேண்டாம் என்றார். சம்பந்தக்காரருக்கு மூத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லப் போகிறேன் என்றார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எழுதிய ஒரு எழுத்தை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை உயிரோடு எண்ணுகிறாள். இதைவிடப் பெரிய பொய் எது? பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் குருவிடம் சொல்லித் தப்பிவிட ஒரு எண்ணம் வந்தது. ஆனால் நான் ஏமாற்றியது குருவை அல்லவே.

நான்கு மணிக்கு அவர் விறாந்தைக்கு வந்தபோது எழுந்து நின்று சொன்னேன்.

"தங்கச்சி, என்னை மன்னிக்க வேணும். அதை எழுதினது நான்."

நடந்ததெல்லாம் சொன்னேன். குரல் கேட்டதையும் சொன்னேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "படிப்பில்லாத மனுசன் பென்சில் எடுத்தால் இப்பிடித்தான்" என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தாள். தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, சிறு பிள்ளையை இழுத்துப் போவதுபோல அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்கள் எழுதினது எது? தொட்டுக் காட்டுங்கோ."

நான் அந்த + C யைத் தொட்டேன்.

"அப்ப, இது?"

அவர் காட்டிய இடம் ஒரு சாண் கீழே, பிணைச்சலுக்குப் பக்கத்தில். மிகச் சிறிய பென்சில் எழுத்து.

C = 6

அதை நான் அதுவரை கண்டதில்லை. எழுதியதும் இல்லை. வகுப்பால் வந்த மகளை உடனே அழைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். "நான் இல்லை அப்பா" என்றாள். மாதா சுரூபத்தைத் தொட்டுச் சொல்லச் சொன்னேன். தொட்டுச் சொன்னாள்.

"சும்மா ஆரும் கிறுக்கியிருக்கலாம் தானே?" என்றாள் மனைவி.

"கிறுக்கலாம், அம்மா. ஆனால் ஏன் ஆறு? இந்தக் கணக்கில C ஐக் காண ஒரு புள்ளி தந்திருக்க வேணும். கதவில அது இல்லை. தராமல் ஆறு எண்டு சொல்ல ஏலாது." பிறகு அவள் தாயின் பக்கம் திரும்பினாள். "அன்ரி, அவவின்ர வகுப்புக் கொப்பி உங்களிட்ட இருக்குதோ?"

தாய் அதைப் போகுமிடமெல்லாம் பையில் வைத்திருப்பவர். அந்தச் சனிக்கிழமை பிள்ளை மறந்து அறையில் விட்டுப்போன கொப்பி, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். நாங்கள் யாரும் அதை முன்பு திறந்து பார்த்ததில்லை. மகள் கட்டிலில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மீதித் தேற்றம், காரணிகள், எல்லை என்று போய், எழுதிய கடைசிப் பக்கத்தில் நின்றாள். அது அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு முதல்நாள் எழுதிய வீட்டுவேலை. கேள்வி மட்டும் இருந்தது. விடை எழுதவில்லை. மகள் வாசித்தாள்:

"வளையி ஒன்றின் படித்திறன் 3x² − 7 ஆகும். அது (1, 0) எனும் புள்ளியினூடாகச் செல்கின்றது. அதன் சமன்பாட்டைக் காண்க."

வாசித்துவிட்டு அவள் பென்சிலைத் தேடவில்லை. கூட்டலுக்குச் சக, கழித்தலுக்குச் சய என்று வாயாலேயே செய்தாள். "x க்கு ஒண்டைப் போட்டால், ஒண்டு சய ஏழு சக C. அது பூச்சியத்துக்குச் சமன். மறை ஆறு சக C பூச்சியம்..."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புக்காரனான எனக்கே விளங்கியது.

துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. நான் C என்று எழுதுவதற்கு முன்னால் அந்தக் கதவில் C என்ற எழுத்தே இருக்கவில்லை. ஆகவே கீழே எழுதியவர் யாரானாலும் நான் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதற்குமேல் என் அறிவு போகவில்லை. தாய் கொப்பியின் பக்க இலக்கங்களில் ஆறைத் தேடி எடுத்துக் கதவருகில் பிடித்தார். அடிச்சுழி நத்தைபோலச் சுருண்ட ஆறு. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் ஒரு இலக்கத்தை வைத்துச் சத்தியம் பண்ண என்னால் முடியாது.

அடுத்த நாள் விடியற் பூசைக்கு முன் நானும் அவரும் கோயிலுக்குப் போனோம். பூசையை யாருக்காக ஒப்புக்கொடுப்பது என்று எழுதும் பெரிய கொப்பியோடு இருந்த கோயிற் பணியாளர் பெயரைக் கேட்டு எழுதினார். பிறகு தலை நிமிராமலே, "உயிரோடையோ, இறந்தவவோ?" என்றார். அந்தக் கொப்பியில் இரண்டுக்கும் வேறு வேறு பக்கம்.

தாய் சற்று நேரம் பீடத்தைப் பார்த்தார். நான் உள்ளுக்குள் செபித்தேன். எதற்காகச் செபித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உயிரோடை எண்டு எழுதுங்கோ" என்றார்.

பூசை முடிந்து அவரைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மன்னார் பஸ் வந்து, படியில் கால் வைத்த பிறகுதான் திரும்பினார். முகத்தில் கோபமும் இல்லை, நேற்றைய வெளிச்சமும் இல்லை.

"அண்ணை, நீங்கள் நல்ல மனசோட செய்தது எனக்குத் தெரியும். ஆனால் இனி அதில ஒண்டும் எழுதாதேங்கோ."

"இல்லை, தங்கச்சி."

"அவளுக்குத் தெரியும். அவள் செய்யட்டும்."

பஸ் போய்விட்டது. நான் அன்று வேலைக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். அதற்குப் பிறகு அந்த அறையை யாரும் கூட்டித் துடைத்தால், பென்சில் எதையும் வெளியே எடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.